டீச்சருக்கு எழுத வேண்டிய பதில்

பாளையங்கோட்டை
14.06.2025

அன்புள்ள கோமதிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். உன் நலமும் குட்டியின் நலமும் அறிய ஆவல்.

இதை உன் ஆபீஸ் முகவரிக்கு அனுப்புகிறேன். அங்கேதான் உன் கைக்கு நேராக வரும்.

டீச்சருக்கு அனுப்பலாமா என்று கேட்டு நீ வாட்ஸ்அப்பில் போட்ட இரண்டு வரைவையும் படித்தேன். போனில் படித்தால் மனதில் நிற்காது என்று உன் பெரியப்பா பையனிடம் சொல்லி, தாளில் எடுத்துவரச் செய்து, பேனாவோடு உட்கார்ந்தேன். முப்பது வருஷம் மற்றவர்கள் எழுதிய வரைவைத் திருத்திய கை. உன் தமிழில் பிழை ஒன்றுகூட இல்லை. பத்தாம் வகுப்பிலேயே நீ அப்படித்தான். டீச்சர் இதை இன்றும் எல்லோரிடமும் சொல்கிறார். அப்படிப்பட்டவர் ஆண்டு மலருக்குக் கட்டுரையும் படமும் கேட்டு எழுதியதற்கு ஏழு மாதம் பதில் போடாமல் இருந்திருக்கிறாயே, அதுதான் எனக்கு ஆறவில்லை. போன வாரம் மார்க்கெட்டில் பார்த்தபோதுகூட அவர் உன்னைக் குறை சொல்லவில்லை. "கோமதிக்கு உடம்பு ஒன்றுமில்லையே சார்?" என்று மட்டும்தான் கேட்டார்.

முதலில் அந்தச் சின்னதை எடுத்துக்கொள்கிறேன். "சாரி டீச்சர், ரொம்ப லேட் ஆயிடுச்சு, கொஞ்சம் பிஸி. எப்படி இருக்கீங்க?" இதை அனுப்பாதே. பிஸி என்றால் மற்றவர்கள் வேலையெல்லாம் அவருடைய வேலைக்கு முன்னால் போய்விட்டது என்றுதான் பொருள். அது உண்மையாகவே இருந்தாலும் அவரிடம் சொல்லக்கூடியது இல்லை. அப்புறம், அவர் உன்னிடம் ஒன்று கேட்டிருந்தார். அதற்குப் பதில் சொல்லாமல் நீ அவரை ஒரு கேள்வி கேட்கிறாய். இனி அவர் அல்லவா உனக்குப் பதில் எழுத வேண்டும்?

பெரியதை எண்ணிப் பார்த்தேன், நாற்பத்தாறு வரி. அதில் டீச்சர் கேட்ட விஷயம் கடைசி மூன்று வரியில் இருக்கிறது. மற்றதெல்லாம் ஏன் எழுதவில்லை என்பதுதான். ஆடிட், குட்டிக்குக் காய்ச்சல், போன் மாற்றியது, எழுத உட்கார்ந்தபோதெல்லாம் வெட்கம் வந்தது, "நான் எப்போதுமே இப்படித்தான், என்னை மன்னிக்கவே கூடாது". இதைப் படித்தால் அவர் என்ன செய்வார்? "அதெல்லாம் ஒன்றுமில்லை அம்மா, மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே" என்று உனக்கு ஆறுதல் எழுத உட்காருவார். காத்திருந்தது அவர். ஆறுதல் சொல்லும் வேலையும் அவர் தலையிலா?

"இப்போதுதான் பார்த்தேன்" என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறாய். அதைக் கண்டிப்பாக எடுத்துவிடு. ஜனவரியில் அவர் வாட்ஸ்அப்பில் நினைவூட்டினார் இல்லையா, அதில் அன்றைக்கே நீல டிக் விழுந்திருக்கும். தாமதத்தை யாரும் பொறுத்துக்கொள்வார்கள். இதைப் பொறுக்க மாட்டார்கள்.

நாலாவது பத்தியையும் முழுதாக அடித்துவிட்டேன். "வீட்டில் கொஞ்ச நாளாக நிலைமை சரியில்லை, ராத்திரியில் தூக்கம் இல்லை" என்று தொடங்குவது. டீச்சருக்கு அது வேண்டாம்.

எங்கள் ஆபீசில் வரும் தபால் ஒவ்வொன்றும் தன்பதிவேட்டில் ஏறும். என்றைக்கு வந்தது, என்றைக்குப் பதில் போனது, எல்லாம் அதில் தெரியும். நினைவூட்டு இரண்டு மூன்று சேர்ந்துவிட்ட கோப்பு மேஜைக்கு வந்தால் புதுப் பையன்கள் பயந்துபோய் ஒரு பக்கத்துக்குக் காரணம் எழுதிக் கொண்டுவருவார்கள். நான் அதை அடித்துவிட்டு, பார்வை என்ற இடத்தில், கேட்டவர் முதலில் எழுதிய கடிதத்தின் தேதியையும் நினைவூட்டின் தேதியையும் போடச் சொல்வேன். "காலதாமதத்திற்கு வருந்துகிறேன்" என்று ஒரு வரி. அடுத்த வரியில் பதில். தேதியைப் போட்டாலே போதும், எத்தனை நாள் காக்க வைத்தோம் என்பதை மறைக்காமல் ஒத்துக்கொண்டதாகிவிடும். அதற்குமேல் விவரிக்க வேண்டாம். பதில் தயாராக இல்லையென்றால் இடைக்கால பதில் என்று ஒன்று உண்டு: கடிதம் கிடைத்தது, இன்ன தேதிக்குள் முழுப் பதில் அனுப்புகிறோம் என்று இரண்டே வரி. நவம்பரில் நீ அந்த இரண்டு வரியை எழுதியிருந்தால் இந்தப் பாடு இல்லை. சரி, போனது போகட்டும்.

நான் எழுதியது இது. உன் வார்த்தையில் மாற்றிக்கொள். நீளத்தை மட்டும் கூட்டாதே.

"அன்புள்ள டீச்சர்,

நவம்பர் 12 அன்று நீங்கள் எழுதியதற்கும் ஜனவரியில் மறுபடி கேட்டதற்கும் இன்றுவரை பதில் எழுதாமல் இருந்துவிட்டேன். தவறு என்னுடையது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஆண்டு மலர் பிப்ரவரியில் வந்துவிட்டதாக அப்பா சொன்னார். நீங்கள் எனக்காக ஒதுக்கிவைத்திருந்த இரண்டு பக்கத்தை நான் நிரப்பவில்லை. நீங்கள் கேட்டிருந்த 2003 நாடகப் படங்கள் மூன்று என்னிடம் இருக்கின்றன. இதோடு இணைத்திருக்கிறேன். இரண்டாவது படத்தில் திரைக்குப் பக்கத்தில் நிற்பது நீங்கள். மலருக்கு உதவாவிட்டாலும் உங்களிடம் இருக்க வேண்டிய படங்கள்.

முழங்கால் ஆபரேஷன் முடிந்து நன்றாக நடக்கிறீர்கள் என்று அப்பா சொல்லிக் கேட்டு சந்தோஷப்பட்டேன்.

அன்புடன்
கோமதி"

இதில் மன்னிப்பு ஒரே இடத்தில்தான் வருகிறது. முடிவில் இன்னொரு தரம் கேட்காதே. நாலு தரம் கேட்டால், "பரவாயில்லை" என்று அவர் வாயிலிருந்து வரும்வரை விடமாட்டேன் என்று நிற்கிறது போல ஆகும். "இனிமேல் இப்படி நடக்காது" என்று நீ போட்டிருந்ததையும் எடுத்துவிட்டேன். அடுத்த தரம் அவர் எழுதினால் மறுநாளே பதில் போடு, அவருக்கே தெரியும். கட்டுரையை இப்போது அனுப்பட்டுமா என்று கேட்காதே, மலர் அச்சாகிவிட்டது. காலம் கடந்ததைக் கடந்தது என்று ஒத்துக்கொண்டு, இன்னும் உதவுகிற ஒன்றைக் கையில் கொடு. படங்களை மறக்காமல் இணை. அந்தப் படங்கள் இல்லாமல் இந்தக் கடிதம் போகக்கூடாது.

காரணமே சொல்லக்கூடாதா என்று கேட்பாய். அவருக்கு ஏதாவது தெரிந்தாக வேண்டியிருந்தால் சொல்லலாம். நீ ஆஸ்பத்திரியில் இருந்திருந்தால் ஒரு வரி எழுதத்தான் வேண்டும். இல்லாவிட்டால் பிறகு வேறு யார் மூலமாகவோ தெரிந்து வருத்தப்படுவார். அதுவும் ஒரு வரிதான். மறுபடி சொல்கிறேன், நீளத்தைக் கூட்டாதே.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உன் அம்பாசமுத்திரம் அத்தை. மாமா இறந்த வருஷம், வாரிசுச் சான்றிதழுக்கு என்னென்ன வேண்டும் என்று கேட்டு எனக்கு ஒரு இன்லாண்டு லெட்டர் எழுதினாள். தாலுகா ஆபீசில் இருக்கிற தம்பியிடம் கேட்காமல் யாரிடம் கேட்பாள்? இறப்புச் சான்றிதழ், ரேஷன் கார்டு, மனுவோடு வி.ஏ.ஓ.வைப் பார், தாசில்தார் கையெழுத்துக்கு வரும்போது எனக்குச் சொல். இவ்வளவுதான், கார்டில் எழுதிவிடலாம். எட்டு மாதம் ஆக்கினேன். அப்புறம் மனது உறுத்தி நாலு பக்கம் எழுதினேன். தேர்தல் வேலை, ஜமாபந்தி, உனக்கு அம்மை, அம்மாவுக்கு உடம்பு சரியில்லாதது, எல்லாம் எழுதினேன். தபாலில் போட்டு ஒரு வாரம் கழித்துத்தான் உறைத்தது, அவள் கேட்டதற்குப் பதிலே அதில் இல்லை.

அத்தை என்னோடு சண்டை போடவில்லை. "தம்பிக்குத் தலைக்குமேல் வேலை, பாவம், அவனைத் தொந்தரவு செய்யக்கூடாது" என்று சொன்னாளாம். சான்றிதழை வேறு யாரையோ பிடித்து வாங்கிக்கொண்டாள். கல்யாணம் காட்சிக்கு வருவாள், வாய் நிறையப் பேசுவாள். ஆனால் அதற்கப்புறம் எனக்கு ஒரு கடிதம் எழுதியதில்லை, ஒரு உதவி கேட்டதில்லை. அந்த இன்லாண்டு லெட்டர் இன்னும் பீரோவில் இருக்கிறது. முகவரிக்குக் கீழே அவசரம் என்று எழுதி இரண்டு கோடு போட்டிருக்கிறாள்.

நேற்று உன் வரைவைத் திருத்தும்போது அந்த நாலாவது பத்தியில் பேனா நின்றுவிட்டது. டீச்சருக்கு வேண்டாம் என்று அடித்தேன். ஆனால் அது எனக்கு எழுத வேண்டியது அல்லவா என்று தோன்றியது. பிறகு நினைத்துப் பார்த்தேன். நீ எனக்கு எழுதித்தான் இருந்தாய்.

பிப்ரவரி 18 ராத்திரி, "அப்பா, ஏப்ரலில் நானும் குட்டியும் மட்டும் வந்து ரெண்டு மாசம் இருக்கட்டுமா?" என்று கேட்டிருந்தாய். அன்றைக்கே படித்தேன். நீல டிக் உனக்கும் தெரிந்திருக்கும். பதில் எழுதாமல், பார்க்கலாம் என்று உன்னிடம் சொல்லும்படி அம்மாவிடம் சொல்லிவிட்டேன். நாலு மாதம் ஆகிறது. தவறு என்னுடையது கோமதி. பயந்தேன். மன்னித்துக்கொள்.

நீ கேட்டதற்குப் பதில்: வா. இரண்டு மாதம் என்று கணக்கு வேண்டாம். மாடி அறையை நேற்று காலி செய்து பெருக்கித் துடைத்தாயிற்று, ஃபேன் ஓடுகிறது. குட்டியை இங்கே சேர்க்க வேண்டியிருந்தால் டி.சி. வேண்டும் என்றார்கள், அதைப் பற்றி நீ வந்தபின் பேசிக்கொள்ளலாம். அம்மாவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். மாப்பிள்ளையிடம் என்ன சொல்வது, எப்போது சொல்வது என்பது உன் இஷ்டம். நான் பேச வேண்டுமென்றால் பேசுகிறேன். நீ சொல்லாமல் பேச மாட்டேன்.

நெல்லை எக்ஸ்பிரஸில் எந்த நாள் ஏறுகிறாய் என்று ஒரு வரி போடு. காலையில் ஜங்ஷனில் நிற்பேன். நான் வந்து அழைத்துப் போக வேண்டுமென்றால் அதையும் சொல், வருகிறேன்.

டீச்சர் கடிதத்தை இன்றைக்கே அனுப்பிவிடு.

அப்பா