திறந்த கதவின் சுமை யார் தலையில்?

அன்புள்ள கயல்,

எங்கே பிறக்கிறோம் என்பது யாருடைய சாதனையும் இல்லை, அதனால் எல்லையில் நின்று யாரையும் தடுக்க எந்த நாட்டுக்கும் உரிமை இல்லை என்று எழுதியிருந்தாய். முதல் பாதியை நான் அப்படியே ஒப்புக்கொள்கிறேன். இரண்டாம் பாதியில்தான் எனக்குத் தயக்கம். நான் திரிபுராவின் தலைநகர் அகர்தலாவில் வேலை பார்த்த காலத்தில் கண்டதும் கேட்டதும்தான் அதற்குக் காரணம்.

திரிபுராவை மூன்று பக்கமும் வங்கதேசம் சூழ்ந்திருக்கிறது. 1941 கணக்கெடுப்பில் அங்கே பழங்குடியினர் ஏறத்தாழ பாதிப் பேர். 1981இல் அது 28 சதவீதம். நடுவில் நடந்தது பிரிவினை. கிழக்கு பாகிஸ்தானில் ஒவ்வொரு கலவரத்தின்போதும் இந்துக் குடும்பங்கள் எல்லை தாண்டி வந்தன. எங்கள் தெருமுனை மளிகைக்கடைக்காரர் கொமில்லாவில் விட்டு வந்த வீட்டின் பத்திரத்தைத் தகரப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தார். ஒருநாள் எனக்குப் பிரித்துக் காட்டினார். மடிப்பெல்லாம் கிழிந்து, பின்னால் துணி ஒட்டியிருந்தது. அந்தக் குடும்பத்தை எல்லையில் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் அவர்களை எங்கே குடியமர்த்தினார்கள் என்று பார். பழங்குடியினருக்காக மகாராஜா காலத்தில் ஒதுக்கிய நிலம் இருந்தது. அதில் ஒரு பகுதியை 1948இல் அகதிகளுக்குத் திறந்துவிட்டார்கள். மலைச் சரிவில் காட்டை எரித்து ஜூம் சாகுபடி செய்தவர்களிடம் பட்டா கிடையாது. நிலம் வைத்திருந்தவர்களும் தாதன் என்ற முன்பணத்தில் சிக்கினார்கள். அறுவடைக்கு முன்பே பணம் வாங்கிக்கொண்டு, விளைந்ததை அடிமாட்டு விலைக்குக் கொடுக்க வேண்டும். ஒரு வருஷம் மழை பொய்த்தால் கடன் நிலத்தின் மேல் ஏறும். பழங்குடியினர் நிலத்தை மற்றவர் வாங்கக் கட்டுப்பாடு விதித்து 1960இல் சட்டம் வந்தது. அதன் பிறகும் பினாமி பெயரில் கை மாறியது. சந்தைக்கு எள் கொண்டுவரும் மலைக்காரர் வங்காளியில்தான் பேரம் பேச வேண்டும். தாய்மொழியான கொக்பரோக்குக்கு மாநிலத்தில் அரசு அங்கீகாரம் கிடைத்ததே 1979இல்தான்.

1980 ஜூனில் அது வெடித்தது. மாந்தாய் கிராமத்தில் நூற்றுக்கணக்கான வங்காளிகளை வெட்டிக் கொன்றார்கள். செத்தவர்களில் குழந்தைகளும் உண்டு. அந்தக் கொலைக்கு நான் எந்தச் சமாதானமும் சொல்ல மாட்டேன். ஆனால் சொந்த ஊரிலேயே சிறுபான்மையாகிப்போனவர்களின் பயத்தை வெறும் இனவெறி என்று தள்ளிவிடவும் முடியாது.

1971ஐயும் பார்க்க வேண்டும். அப்போது மாநிலத்தில் இருந்தவர்களே 15 லட்சத்துச் சொச்சம்தான். போருக்குப் பயந்து வந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவு. பள்ளிக்கூடம், தோட்டம், சாலையோரம் எங்கும் முகாம். சுமையில் பெரும்பங்கை டெல்லி ஏற்றது. போர் முடிந்ததும் பெரும்பாலோர் திரும்பிவிட்டார்கள். முந்தைய அலைகளில் வந்தவர்களோ திரும்பிப் போக இடமில்லாமல் அங்கேயே தங்கியவர்கள். உள்ளே விடுவது ஒன்று, நிலத்தையும் ஆட்சியையும் கைமாற்றுவது வேறு. நீ இந்த இரண்டையும் ஒன்றாகப் பேசுகிறாய். எல்லையை மூடு என்று கத்துகிறவர்களும் அதையேதான் செய்கிறார்கள்.

உயிருக்குப் பயந்து வருகிறவனுக்குக் கதவைத் திறந்தே ஆக வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் திறந்தது இந்தியா என்ற பெரிய நாடு. திரிபுராவில் இடம் கொடுத்ததோ அதன் மூலையில் இருந்த ஏழை மலைவாசிகள். அவர்களை யாரும் கேட்கவில்லை. வந்தவர்களை நாடு முழுக்கப் பகிர்ந்து குடியமர்த்தியிருந்தால், நில விற்பனையை முதல் நாளிலிருந்தே இறுக்கியிருந்தால், அதே அளவு கருணையை எவ்வளவோ குறைந்த அநீதியோடு காட்டியிருக்கலாம். பழங்குடியினர் பகுதிகளுக்கான தன்னாட்சி மாவட்டக் கவுன்சில் 1980களில்தான் வந்தது. மாநிலப் பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு அதன் கீழ் வருகிறது. ஆனால் அதற்குள் ஒரு தலைமுறை நிலம் போய்விட்டது.

இந்தப் பாதுகாப்பிலும் ஒரு சிக்கல் உண்டு. அந்த மளிகைக்கடைக்காரரின் பேரன் பிறந்ததே திரிபுராவில். அவனை இன்னும் எத்தனை தலைமுறைக்கு வந்தேறி என்று அழைப்பது? நிலத்தில் கட்டுப்பாடு இருக்கட்டும், வாக்கிலும் வேலையிலும் அவனை இரண்டாந்தரமாக வைக்கக் கூடாது என்பது என் கட்சி. ஒரு சமூகம் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று நான் நினைப்பது அதன் மண்ணையும் மொழியையும் தன்னாட்சியையும். ரத்தத்தை அல்ல.

நீ இருக்கும் ஜெர்மனி பணக்கார நாடு, பழங்குடியினரின் மலை இல்லை. அங்கே உன் வாதத்துக்கு அதிக பலம் உண்டு என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் அடுத்த கூட்டத்தில் பேசும்போது, புதிதாக வருகிறவர்கள் எந்தப் பேட்டையில் வாடகைக்குப் போகிறார்கள், அங்கே ஏற்கெனவே இருக்கிறவர்கள் யார் என்று விசாரித்துவிட்டுப் பேசு. கண்டுபிடித்ததை எனக்கும் எழுது.

அன்புடன்,
அப்பா