மடிப்பாக்கம் வீடும் ஐந்து கேள்விகளும்

அன்புள்ள சேகர்,

பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று எழுதியிருந்தாய். இனி உன் மூக்குக்கண்ணாடியை மேல் அலமாரியில் வை.

பொள்ளாச்சியிலிருந்து சரவணம்பட்டிக்கு நாலு ஞாயிறு பஸ் ஏறிப் போய், வாடகைக்குக் கேட்டவர்களுக்கு வீட்டைத் திறந்து காட்டிவிட்டு, சும்மா திரும்பிய கதையைப் படித்தேன். மடிப்பாக்கம் ஃபிளாட்டுக்கு நானும் இதே கூத்தை ஆடியிருக்கிறேன். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, தெற்குப் பார்த்த வாசல். ஒரே ஞாயிற்றுக்கிழமை ஒன்பது பேருக்குக் காட்டினேன். ஒரு அம்மாள் இரண்டாவது மாடித் திருப்பத்திலேயே உட்கார்ந்துவிட்டார், மூட்டுவலி. இன்னொருவர் வாசலில் நின்று செல்போனில் திசைகாட்டியைப் பார்த்துவிட்டு உள்ளேயே வரவில்லை. இரண்டையும் போனில் நானே சொல்லியிருக்கலாம்.

இப்போதெல்லாம் குறையைத்தான் முதலில் சொல்கிறேன். மாடி, வாசல், கார் நிறுத்த இடமில்லை என்பது, வாடகை 18,000-உடன் மெயின்டனன்ஸ் 2,500 சேர்த்து மாதம் 20,500 என்பது. பாதிப் பேர் அங்கேயே கழன்றுகொள்வார்கள். ஆனால் யாருக்கு விடுவேன் என்பதை மட்டும் சொல்லமாட்டேன். "ஃபேமிலிதானே?" என்று கேட்டால் "ஆமாங்க" என்று பதில் வரும், குடிவரும்போது நாலு பையன்கள் வந்து இறங்குவார்கள். "யாரெல்லாம் இருப்பீங்க?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள். அவர்களே சொல்வார்கள்: நான், மனைவி, ஒரு பையன், ஊரிலிருந்து அம்மா வந்து போவார், ஒரு நாயும் உண்டு.

அடுத்து, எப்போது குடிவருவீர்கள்? போன வருஷம் ஆனி கடைசியில் ஒருவர் பார்த்தார், பிடித்தது, கைகொடுத்தார். "அப்போ ஆவணி பிறந்ததும் வந்துடறோம் சார்" என்றார். ஆடியில் வீடு மாற மாட்டார்களாம். ஒரு மாதம் முழுக்கப் பூட்டி வைத்தால் 18,000 போச்சு. அவர்மேல் தப்பில்லை, நான் கேட்கவில்லை.

எல்லாவற்றிலும் பெரியது, நான் ரொம்பத் தாமதமாகக் கற்றுக்கொண்ட கேள்வி: "இப்போ இருக்கற வீட்டுல காலி பண்றதா சொல்லிட்டீங்களா?" பழைய அட்வான்ஸ் பழைய வீட்டுக்காரரிடம் மாட்டிக்கொண்டிருக்கும். காலி செய்து சாவி கொடுத்தால்தான் அது வரும், அதிலும் பெயின்ட் செலவு கழித்துக்கொண்டு. ஆனால் நமக்கு அட்வான்ஸ் தந்தால்தானே இங்கே சாவி? இரண்டு பக்கத்துக்கும் பணம் புரட்ட முடியாதவர் உன் வீட்டைப் பிடித்திருக்கிறது என்று சொல்லி மூன்று வாரம் இழுத்தடிப்பார். இன்னும் சொல்லவே இல்லை என்பவர் பெரும்பாலும் சும்மா ஊர்சுற்றிப் பார்ப்பவர். சொல்லிவிட்டேன், 30-ம் தேதி காலி செய்கிறேன் என்பவரை நம்பலாம். போன தடவை வந்த தம்பதி அப்படித்தான் சொன்னார்கள். டோக்கனாகப் பத்தாயிரம் வாங்கிக்கொண்டு, மீதி 44,000-ஐ சாவி கொடுக்கும் நாளுக்கு விட்டேன். (மூன்று மாத வாடகைதான் வாங்குகிறேன். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் 2017-ம் வருஷச் சட்டம் சொல்வதும் அதுதான். பத்து மாதம் என்று நீ பிடிவாதம் பிடித்தால் இந்தச் சிக்கல் மூன்று மடங்காகும்.)

நாலாவது, வேலை எங்கே? சிறுசேரிக்குத் தினம் போகவேண்டியவருக்கு மடிப்பாக்கம் தோதுப்படாது. அவரே போனில் கணக்குப் போட்டுப் பார்த்து விலகிவிடுவார். கடைசியாக, பார்க்க யார் வருகிறார்கள்? முதலில் கணவர், அப்புறம் மனைவி, அப்புறம் மாமியார் என்று மூன்று நடை நடந்திருக்கிறேன். முடிவு சொல்பவரையும் சேர்த்து ஒரே நேரத்தில் வரச் சொல்லிவிடு.

"என்ன ஆளுங்கன்னு கேட்டியா?" என்று கீழ்வீட்டுக்காரர் நச்சரித்தார். அதை மட்டும் நான் கேட்பதில்லை. வாடகை ஐந்தாம் தேதி வருமா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஒரு ஜாக்கிரதை. வீட்டைப் பார்க்காமலே அட்வான்ஸ் அனுப்புகிறேன், மிலிட்டரியில் இருக்கிறேன், நீங்கள் இந்தக் க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்கள் என்று ஒருவன் பேசுவான். வைத்துவிடு. பணம் வாங்குவதற்கு யாரும் பின் நம்பர் போடவேண்டியதில்லை.

இப்படிக் கேட்டதில் போன முறை பதினாறு போனுக்கு மூன்றே பேர் வந்தார்கள், மூன்றாமவருக்கு முடிந்தது. தாம்பரத்திலிருந்து ஒரே நடை.

உன் வீட்டில் கார் நிறுத்துமிடம் கூரை போட்டதா, வெட்டவெளியா? சரவணம்பட்டியில் முதலில் அதைத்தான் கேட்பார்கள். பார்த்துவிட்டு எழுது. பேத்தி போட்டோவும் அனுப்பு.

உன்,
மணி