டிக்கெட்டை மாற்று, நடராஜா

செம்பூர், மும்பை
ஜூலை 2026

அன்புள்ள நடராஜா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலியோடு இரண்டு மாடி ஏறி வருவேன் என்று எழுதியிருக்கிறாய். எங்கள் கட்டடத்தில் இப்போது லிஃப்ட் வந்துவிட்டது, அந்தக் கவலை வேண்டாம். கவலைப்பட வேண்டியது உன் ரயில் டிக்கெட்டைப் பற்றித்தான். “கணபதி செப்டம்பர் 14, பத்து நாள் திருவிழா, ஆக 23ஆம் தேதி கரைப்பு, 24 காலையில் கிளம்பிவிடுகிறேன்” என்று கணக்குப் போட்டு முன்பதிவும் செய்திருக்கிறாய். விரல்விட்டு எண்ணியது சரிதான். ஆனால் 24 காலையில் நீ ரயில் ஏறும்போது, நீ பார்க்க வந்த பெரிய கணபதிகள் எல்லாம் பந்தலிலேயே உட்கார்ந்திருக்கும். இந்த வருஷம் கடைசி நாள் 25ஆம் தேதி, வெள்ளிக்கிழமை.

இங்கே எல்லாரும் வாயால் சொல்வது ‘பத்து நாள்’ என்றுதான். ஆனால் அந்தக் கடைசி நாளைப் பிடித்து வைத்திருப்பது எண்ணிக்கை இல்லை, திதி. ஆவணியோ புரட்டாசியோ, இவர்களுக்கு அது பாத்ரபத மாதம். வளர்பிறைச் சதுர்த்தியில் பிள்ளையார் வருகிறார், சதுர்தசியில் போகிறார். அந்தச் சதுர்தசிக்கு அனந்த சதுர்தசி என்று பெயர். நான்கிலிருந்து பதினான்கு வரை இரண்டு முனைகளையும் சேர்த்து எண்ணினால் பதினொரு திதி. ஒரு திதி என்பது முழுசாக 24 மணி நேரம் இருக்காது, சற்றுக் கூடும், குறையும். அதனால் பதினொரு திதியும் நாட்காட்டியில் சில வருஷம் பத்து நாளுக்குள் அடங்கிவிடும். 2023இல் அப்படித்தான், செப்டம்பர் 19 வந்து 28 போனார். 2024இல் 7ஆம் தேதி வந்து 17ஆம் தேதி போனார், பதினொன்று. போன வருஷமும் பதினொன்றுதான்.

இந்த வருஷம் பன்னிரண்டு. இது எப்படி என்று எனக்கே முதலில் புரியவில்லை, பஞ்சாங்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சதுர்த்தி 14ஆம் தேதி காலை ஏழு மணியைத் தாண்டித்தான் ஆரம்பிக்கிறது. அதற்குள் சூரியன் உதித்துவிடுகிறது, உதயத்தில் இருப்பது திருதியை. மறுநாள் காலை ஏழே முக்கால் வாக்கில் சதுர்த்தி முடிகிறது. மற்ற பல விரதங்களைப் போல உதயத் திதியைப் பார்த்திருந்தால் 15ஆம் தேதிதான் பிள்ளையார் வரவேண்டும். ஆனால் அவர் பிறந்தது நடுப்பகலில் என்பது நம்பிக்கை, அதனால் நண்பகலில் எந்த நாள் சதுர்த்தி இருக்கிறதோ அதுதான் அவர் நாள். அது 14. அனந்த சதுர்தசிக்கு உதயத் திதிதான் கணக்கு. அது 25. வருவதற்கு ஒரு கடிகாரம், போவதற்கு ஒரு கடிகாரம், நடுவில் ஒரு நாள் கூடிவிட்டது.

வீட்டுப் பிள்ளையார்கள் கதை வேறு. அங்கே நிஜமாகவே நாள் எண்ணிக்கைதான். ஒன்றரை நாள், ஐந்து நாள், ஏழு நாள் என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் தாத்தா காலத்திலிருந்து ஒரு வழக்கம் உண்டு. வந்த நாள்தான் முதல் நாள். அவர் நடுப்பகலுக்கு உட்கார்ந்தாலும் அந்த அரை நாள் முழு நாளாகவே எண்ணப்படும். நம் ஊரில் பிள்ளை பிறந்த நாளையும் சேர்த்துப் பதினோராம் நாள் புண்ணியாகவாசனம் செய்வதில்லையா, அதே கணக்கு.

இது தெரியாமல் முதல் வருஷம் நான் பட்ட அவமானத்தை உனக்கு எழுதினேனா? அப்போது டோம்பிவிலியில், ‘சால்’ என்று இவர்கள் சொல்லும் ஒரு வரிசை வீட்டுக் கட்டடத்தில் குடியிருந்தேன். எதிர்வீட்டு மராட்டிக் குடும்பத்தில் ஐந்து நாள் கணபதி. கரைக்கப் போகும்போது நீயும் வா என்று, நான் காக்கூ என்று கூப்பிடும் அந்த வீட்டு அம்மா கூப்பிட்டிருந்தார். சதுர்த்தி திங்கட்கிழமை. செவ்வாயிலிருந்து ஐந்து நாள் எண்ணி, சனிக்கிழமை சாயங்காலம் ஒரு கிலோ லட்டோடு போய்க் கதவைத் தட்டினேன். உள்ளே பிள்ளையார் இருந்த மணைப்பலகை காலியாக இருந்தது. அதன் மேல் ஒரு பிடி மணல், பக்கத்தில் ஒரு விளக்கு. வெள்ளிக்கிழமையே அவர் போய்விட்டார். கரைத்த இடத்திலிருந்து அந்தப் பலகையில் கொஞ்சம் மணல் எடுத்துக்கொண்டு வந்து வீட்டில் வைப்பது வழக்கமாம். காக்கூ சிரித்துக்கொண்டே லட்டை வாங்கி அந்த மணலுக்கு முன்னால் வைத்துவிட்டு எனக்கே இரண்டைத் திருப்பிக் கொடுத்தார்.

‘ஒன்றரை நாள்’ இன்னும் குழப்பும். 36 மணி நேரம் என்று நினைத்தால் நள்ளிரவில் போய் நிற்பாய். முதல் நாள் ஒன்று, மறுநாள் பாதி, அவ்வளவுதான். இந்த வருஷம் அது செவ்வாய் 15ஆம் தேதி, மத்தியானத்துக்கு மேல். உத்தரபூஜை செய்து, தயிர் வைத்து, சிலையைப் பீடத்திலிருந்து லேசாக நகர்த்துவார்கள். நகர்த்திவிட்டால் விடை கொடுத்தாயிற்று என்று அர்த்தம். ஐந்தாம் நாள் 18, ஏழாம் நாள் 20, ஞாயிறு. ஏழாம் நாளைப் பார்க்க வேண்டுமென்றால் 21ஆம் தேதி வந்து நிற்காதே.

இதிலும் ஒரு விலக்கு உண்டு. சில வீடுகளில் பிள்ளையாரோடு கௌரியும் வருவாள். அவள் வருவது அனுஷ நட்சத்திரத்தில், பூஜை கேட்டையில், போவது மூலத்தில். அவள் நட்சத்திரத்தைத்தான் பார்ப்பாள், மகன் எத்தனையாவது நாள் உட்கார்ந்திருக்கிறான் என்று பார்க்கமாட்டாள். அந்த வீடுகளில் அம்மா கிளம்பும்போது பிள்ளையும் கிளம்பிவிடுவார். 2023இல் அது ஐந்தாம் நாளாக விழுந்தது, 2024இல் ஆறாம் நாள், போன வருஷம் ஏழாம் நாள். இந்த வருஷம் 19, மறுபடி ஆறாம் நாள். ஒற்றைப்படையில்தான் கரைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள்கூட அம்மா விஷயத்தில் வாயைத் திறக்கமாட்டார்கள். காக்கூ வீட்டில் கௌரி கிடையாது, அதனால் அந்தச் சாக்கும் எனக்கு இல்லை.

25ஆம் தேதி கிர்காவ் சௌபாட்டி கடற்கரைக்குப் போகலாம். ஆனால் 26ஆம் தேதிக்கும் டிக்கெட் எடுத்துவிடாதே. அன்று கரைப்பு நள்ளிரவோடு முடியாது. மறுநாள் பௌர்ணமி என்பதால் கடலும் பெரிதாக ஏறி இறங்கும். போன வருஷம் செப்டம்பர் 6 காலையில் புறப்பட்ட லால்பாக் ராஜா என்ற பெரிய கணபதி, ஓதம் ஒத்துழைக்காமல் கரையிலேயே காத்திருந்து 7ஆம் தேதி இரவுதான் தண்ணீருக்குள் போனார். நாம் அதுவரை நிற்க வேண்டாம், உன் முழங்காலும் விடாது. பகலில் ஊர்வலத்தைப் பார்த்துவிட்டு வந்து மிச்சத்தை டிவியில் பார்ப்போம்.

27ஆம் தேதிக்கு மாற்றிவிட்டு எனக்கு ஒரு போன் அடி. வரும்போது கும்பகோணம் வெற்றிலை ஒரு கவுளி கொண்டு வா. காக்கூவின் மகள் இப்போது செம்பூரில்தான் இருக்கிறாள், ஐந்தாம் நாள் நம் இருவரையும் கூப்பிட்டிருக்கிறாள். 18ஆம் தேதி வெள்ளிக்கிழமை. நான் அவளிடம் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன், அவளும் இரண்டு தடவை சிரித்தாள்.

உன்,
சேது