'நம்பர் 1 வக்கீல்' என்று போட்டுக்கொள்ளலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வக்கீல்களும் ஆடிட்டர்களும் டாக்டர்களும் மற்ற தொழில்காரர்களைப் போல இணையத்தில் தாராளமாக விளம்பரம் செய்ய விட்டால் என்ன கெட்டுப்போகும் என்று உங்கள் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். தம்புச் செட்டித் தெருவில் ஒரு வக்கீல் ஆபீசில் முப்பது வருடமாகக் குமாஸ்தாவாக இருக்கிறேன். என்ன கெட்டுப்போகும் என்பதற்கு எங்கள் மேசைக்கு வந்த ஒரு கேஸ் கட்டையே எடுத்துச் சொல்கிறேன்.

வில்லிவாக்கம் பக்கம் வீட்டிலேயே சேலை வியாபாரம் செய்யும் ஒரு அம்மா. கடைக்காரர் ஒருவருக்குக் கடனுக்குச் சரக்குக் கொடுத்து, 1,80,000 ரூபாய்க்கு டிசம்பர் 10 தேதியிட்ட செக் வாங்கியிருக்கிறார். பிப்ரவரியில் பேங்கில் போட்டார். 6-ஆம் தேதி பணம் இல்லை என்று ரிட்டர்ன் மெமோ கைக்கு வந்துவிட்டது. மகன் போனில் வக்கீல் தேடினான். 'சென்னையின் நம்பர் 1 செக் பவுன்ஸ் வக்கீல், 100 சதவீதம் ரிசல்ட், 4.9 ஸ்டார்' என்று முதலிலேயே ஒன்று வந்தது. போன் செய்தால் ஒரு பெண் எடுத்து, "சீனியர் உங்களைக் கூப்பிடுவார் மேடம், முதலில் பேக்கேஜ் தொகை 3,500 அனுப்பிடுங்க" என்றாள். அனுப்பினார்கள். சீனியர் கடைசி வரை கூப்பிடவில்லை. மெமோவைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார்கள், அப்புறம் செக்கை, அப்புறம் பில்லை. நோட்டீஸ் போனது மார்ச் 12.

ஏப்ரல் கடைசியில் அந்த அம்மா எங்களிடம் வந்தார். "நோட்டீஸ் விட்டாச்சு சார், பணம்தான் வரலை. கேஸ் போடணும்" என்று கட்டை நீட்டினார். எங்கள் சார் மெமோ தேதியைப் பார்த்தார், நோட்டீஸ் தேதியைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டார்.

செக் கேஸில் சட்டம் கெடு வைத்திருக்கிறது. செக் திரும்பிய தகவல் பேங்கிலிருந்து கிடைத்து 30 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும். நோட்டீஸ் கிடைத்த பிறகு பணம் கட்ட எதிராளிக்கு 15 நாள். அதிலும் கட்டாவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார். இதில் கடைசிக் கெடு தவறினால் தக்க காரணம் சொல்லித் தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம். நோட்டீஸுக்கான 30 நாள் தவறினால் அந்த வழி இல்லை. பிப்ரவரி 6 மெமோவுக்கு மார்ச் 8-தான் கடைசி. நாலு நாள் தாண்டிவிட்டது. செக்கை மறுபடி பேங்கில் போட்டு, புது மெமோ வாங்கிப் புதிதாக ஆரம்பிக்கலாம். உச்ச நீதிமன்றமே அதை ஏற்றிருக்கிறது. ஆனால் செக்கின் ஆயுள் மூன்று மாதம்தான். டிசம்பர் 10 செக் மார்ச் 10 வாக்கிலேயே செத்துப்போயிற்று. மார்ச் முதல் வாரத்தில் யாராவது ஒரு வக்கீல் அந்த மெமோவைக் கண்ணால் பார்த்திருந்தால் போதும், ஏதாவது ஒரு கதவு திறந்திருக்கும்.

நோட்டீஸின் அடியில் ஒரு வக்கீல் பெயரும் கையெழுத்தும் இருந்தன. பதிவு எண் இல்லை. எப்படியோ அவரைப் பிடித்துக் கேட்டோம். சின்னப் பையன், தொழிலுக்கு வந்து மூன்று வருடம். "அவங்க டிராஃப்ட் அனுப்புவாங்க சார், நான் கையெழுத்துப் போடுவேன். ஒரு நோட்டீஸுக்கு 400 ரூபாய்" என்றான். பாக்கி 3,100 யாருக்குப் போனது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 'நம்பர் 1 வக்கீல்' என்று விளம்பரத்தில் இருந்த ஆள் அந்த ஆபீசில் கிடையவே கிடையாது.

வக்கீல் விளம்பரம் செய்யக் கூடாது என்ற விதியின் காரணம் இங்கேதான் இருக்கிறது. வக்கீல் கௌரவத்தைக் காப்பாற்ற வெள்ளைக்காரன் காலத்தில் போட்டது என்று பலரும் நினைக்கிறார்கள். ஓரளவு உண்மை, மறுக்கவில்லை. ஆனால் 1975-இல் உச்ச நீதிமன்றத்தில் தபோல்கர் வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் கண்டித்தது எதை? பம்பாயில் ஒரு மாஜிஸ்திரேட் கோர்ட் வாசலில் நின்று, வருகிற கட்சிக்காரர்களைக் கையைப் பிடித்து இழுத்து, பேப்பரைப் பிடுங்கிக்கொண்ட வக்கீல்களை. அந்த இழுபறிதான் இன்று போன் திரையில் நடக்கிறது. ஒரு வித்தியாசம், அன்று இழுத்தவனாவது வக்கீலாக இருந்தான்.

வக்கீல் தொழிலுக்கு விதி வகுக்கும் இந்திய பார் கவுன்சிலின் 36-ஆம் விதி இதைத்தான் தடுக்கிறது. சுற்றறிக்கை, விளம்பரம், தரகர், நேரில் போய்க் கேட்பது, தான் நடத்திய வழக்குகளைப் பற்றிப் பத்திரிகையில் எழுதவைப்பது, படம் போடவைப்பது என்று எந்த வழியிலும் வக்கீல் வேலை கேட்கக் கூடாது. பெயர்ப் பலகைகூட அளவோடு இருக்க வேண்டும். பார் கவுன்சில் உறுப்பினர், முன்னாள் நீதிபதி, இன்ன வழக்கில் நிபுணர் என்றெல்லாம் அதில் போடக் கூடாது. எங்கள் சார் வழக்கறிஞர் சங்கத்தில் பதவியில் இருந்தவர். இருபது வருடமாகத் தொங்கும் பலகையில் பெயரும் படிப்பும் மட்டும்தான்.

அப்படியானால் இணையத்திலேயே வக்கீல் இருக்கக் கூடாதா? இருக்கலாம். 2008-இல் அந்த விதியைத் தளர்த்தினார்கள். சொந்த இணையதளத்தில் பெயர், முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல், பதிவு எண்ணும் தேதியும், எந்த மாநில பார் கவுன்சில், படிப்பு, எந்தத் துறையில் தொழில் செய்கிறார் என்பது வரை போட்டுக்கொள்ளலாம். தகவல் உண்மை என்று உறுதிமொழியும் தர வேண்டும். இந்தப் பட்டியலில் ஸ்டார் கிடையாது, 'வெற்றி சதவீதம்' கிடையாது, கட்சிக்காரர் பாராட்டு கிடையாது, தள்ளுபடி கிடையாது. ஒரு பக்கத்தைத் திறந்ததும் பதிவு எண் இல்லாமல் ஸ்டார் மட்டும் இருக்கிறதா? அதை மூடிவிடலாம். நம் ஊரில் பதிவானவர்களுக்கு MS என்று தொடங்கி எண்ணும் வருடமும் வரும். services.ecourts.gov.in தளத்தில் வக்கீல் பெயரையோ பதிவு எண்ணையோ கொடுத்தால் அவர் ஆஜராகும் வழக்குகள் தெரியும். திறமையை அது காட்டாது. ஆனால் அப்படி ஒருவர் இருக்கிறாரா, கோர்ட்டுக்குப் போகிறாரா என்பது தெரிந்துவிடும்.

இந்தச் சென்னை உயர் நீதிமன்றமே 2024 ஜூலை 3-ஆம் தேதி, நீதிபதிகள் எஸ்.எம்.சுப்பிரமணியம், சி.குமரப்பன் அமர்வில், இணைய விளம்பரம் பற்றித் தீர்ப்புச் சொன்னது. வழக்குப் போட்டவரும் ஒரு வக்கீல்தான். வக்கீல்களுக்கு ரேங்க் போடுவதும் ஸ்டார் கொடுப்பதும் தொழிலுக்கே இழுக்கு என்றது. விளம்பரம் செய்யும் வக்கீல்கள் மீது நடவடிக்கை எடுக்க மாநில பார் கவுன்சில்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பும்படி இந்திய பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. அடுத்த வருடம் மார்ச்சில் நடிகர்களையும் இன்ஃப்ளூயன்சர்களையும் வைத்து வக்கீல்கள் வீடியோ போடுவதை பார் கவுன்சில் கண்டித்தது. ஆனாலும் இன்று காலை என் போனில் தேடிப் பார்த்தேன். 'நம்பர் 1' மட்டும் ஏழு பேர்.

காரணம் எளிது. பார் கவுன்சிலுக்கு அதிகாரம் வக்கீல் மீதுதான். நடுவில் இருக்கும் 'பேக்கேஜ்' கம்பெனி வக்கீல் இல்லையே. மாட்டினால் 400 ரூபாய்க்குக் கையெழுத்துப் போட்ட பையன்தான் மாட்டுவான். வக்கீல் அல்லாதவரோடு பீஸைப் பங்கு போட்டுக்கொள்வது, தன் பெயரை அப்படிப்பட்ட ஏஜென்சிக்கு இரவல் கொடுப்பது, இரண்டுமே தனித்தனிக் குற்றம். சட்டக் கல்லூரியை விட்டு வருகிற பையன்களுக்கு இதை யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை.

இன்னொன்று. டி.வி. கெட்டுப்போனால் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம். வக்கீல் சேவை சரியில்லை என்று போக முடியாது. 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் அப்படித் தீர்ப்பளித்துவிட்டது. மிச்சம் இருப்பது, உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலில் ஒழுங்கு நடவடிக்கை கேட்டு மனுக் கொடுப்பது. ஒரு வருடத்துக்குள் முடியாவிட்டால் அது இந்திய பார் கவுன்சிலுக்குப் போகும். தண்டனை கண்டிப்பிலிருந்து பெயர் நீக்கம் வரை உண்டு. அந்த அம்மாவின் 1,80,000 அதில் திரும்பி வராது. சரக்குக்கு ஸ்டார் பார்த்து வாங்கும் பழக்கத்தை வக்கீலிடம் காட்டினால், திருப்பிக் கொடுக்கக் கடை இல்லை.

ஆடிட்டர்களுக்கு இது இன்னும் நேரடியாக, 1949-ஆம் வருடச் சட்டத்தின் முதல் அட்டவணையிலேயே இருக்கிறது. வேலை கேட்டு விளம்பரம் செய்வது ஒழுங்கீனம். 2006 திருத்தத்துக்குப் பிறகு, தங்கள் கவுன்சில் சொல்லும் நிபந்தனைக்குள் சேவை விவரம் வெளியிடலாம்.

விதி எல்லாமே சரி என்று சொல்ல வரவில்லை. எனக்கு ஒரு குறை உண்டு. டாக்டர்களுக்கான 2002 விதியில் அவர்களும் விளம்பரம் செய்யக் கூடாதுதான். ஆனால் கிளினிக் தொடங்குவது, முகவரி மாறுவது, ஊரில் இல்லாதது, இவற்றோடு தங்கள் கட்டணத்தையும் அறிவிக்கலாம் என்று இருக்கிறது. வக்கீல்களின் 2008 பட்டியலில் கட்டணத்துக்கு இடம் இல்லை. அந்த அம்மா ஏன் அந்தப் பக்கத்தைத் தட்டினார் தெரியுமா? அங்கே 3,500 என்று ஒரு விலை இருந்தது. எங்கள் ஆபீஸ் வாசலில் விலை இல்லை. உள்ளே வந்து கேட்கப் பயமாக இருந்ததாம். செக் நோட்டீஸ், வாடகை ஒப்பந்தம் மாதிரியான சின்ன வேலைகளுக்காவது உண்மையான கட்டணத்தைச் சொல்ல விட்டால் பாதிப் பேர் தரகரிடம் போக மாட்டார்கள். சார் இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. விலை போட்டால் அடுத்தவன் அதைவிடக் குறைத்துப் போடுவான், கடைசியில் 400 ரூபாய் பையனிடம்தான் வந்து நிற்கும் என்கிறார். அதுவும் சரிதானோ என்று சில நாள் தோன்றுகிறது.

அந்தக் கட்டு இப்போது சிவில் வழக்காகி இருக்கிறது. கோர்ட் கட்டணம் மூன்று சதவீதம், 5,400 ரூபாய் கட்டியாயிற்று. நோட்டீஸில் கையெழுத்துப் போட்ட பையன் ஒரு நாள் வந்து, தன் பங்கு 400-ஐ அந்த அம்மாவிடம் கொடுத்துவிடச் சொல்லி என் மேசையில் வைத்துவிட்டுப் போனான். கவரில் போட்டு கட்டோடு கட்டி வைத்திருக்கிறேன். வாய்தா அடுத்த மாதம். அன்று அந்த அம்மா வரும்போது கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத ஒரு வக்கீல் குமாஸ்தா,
சென்னை - 1