அப்பாவின் குதிகால்

கோவில்பட்டி
ஞாயிறு இரவு

ஏட்டி செல்வி,

ஏழு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. நீ கொடுத்துவிட்ட மாவடு தீர்ந்து, அந்த ஜாடியில் இப்போது புளி இருக்கிறது. திட்டுவதெல்லாம் நேரில் வரும்போது வைத்துக்கொள். எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இந்தத் தடவை அதை அப்படியே எழுத முடியவில்லை.

என் தம்பி, நம்ம வாத்துக்காலன் விஷயம்தான். தை மாதம் சென்னையில் வேலைக்குச் சேரும்போது கம்பெனியில் ரத்தம் எடுத்தார்கள். மொத்தக் கொழுப்பு 362, அதில் கெட்ட கொழுப்பு என்கிறார்களே, அந்த எல்டிஎல் மட்டும் 291. அவனுக்கு வயது 28, எடை 61 கிலோ. மூக்கைப் பிடித்தால் வாயைத் திறக்கத் தெம்பில்லாத உடம்பு. "லேப்காரன் எவனோ மொதலாளி ரத்தத்தை மாத்திப் போட்டுட்டான்" என்று அவன் சிரித்தான், நாங்களும் சிரித்தோம். இங்கே பார்த்த டாக்டர், முட்டையையும் கறியையும் நிறுத்திவிட்டு மூன்று மாதம் கழித்து வா என்றார். அம்மாவைக் கேட்க வேண்டுமா? எண்ணெய்ச் சட்டியைப் பரணில் ஏற்றிவிட்டாள். மூன்று மாதம் அவித்த காய், அவித்த கீரை, அவித்த முகம். திரும்ப எடுத்தால் 284.

அப்புறம்தான் மதுரையில் வேறொரு டாக்டரிடம் போனோம். நானும் கூடப் போனேன். அவர் சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அப்பா இருக்கிறாரா?" என்றார். இல்லை, 44 வயதில் மாரடைப்பு என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றி நாற்காலியில் முட்டி போட்டு நிற்கச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கியவன் மாதிரி இவன் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். குதிகாலுக்கு மேலே, கெண்டைக்காலோடு போய்ச் சேரும் நாண் இருக்கிறதல்லவா, அதைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து மேலிருந்து கீழாக உருவிப் பார்த்தார். என்னையும் பிடித்துப் பார்க்கச் சொன்னார். என்னுடையது பென்சில் மாதிரி இருக்கிறது. அவனுடையது பெருவிரல் தடிமன், உள்ளே மேடும் பள்ளமுமாக. ஷூ கடித்துக் கடித்துத் தடித்துப்போனது என்றுதானே நாம் எல்லாரும் நினைத்திருந்தோம்! அது நாணுக்குள் போய்த் தங்கின கொழுப்பாம். "காய்ச்சலுக்கு நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி இதையும் எல்லாரும் தொட்டுப் பார்த்தால் பாதிப் பேரைக் கண்டுபிடித்துவிடலாம்" என்று அவர் சொன்னது எனக்குக் கொஞ்சம் மிகையாகத்தான் பட்டது. ஏனென்றால் எனக்கு மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. ஆனால் என் எல்டிஎல் 236. அதற்கு வருகிறேன்.

அந்த நிமிடம் எனக்கு அப்பாவின் கால்தான் ஞாபகம் வந்தது. ஒரு செருப்பும் அவருக்குப் பின்பக்க வார் நிற்காது, அறுத்துவிட்டுத்தான் போடுவார். விரல் மொழியிலெல்லாம் கட்டி கட்டியாக இருக்குமே, லேத் பட்டறையில் பிடித்த காய்ப்பு என்போம். கருவிழியைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம். சாம்பல்கண் மாமா என்று பெயர் வைத்தவளே நீதான். வயசாளிகளுக்கு அந்த வளையம் சாதாரணமாம், 45 வயதுக்கு முன்னால் வந்தால் ரத்தம் பார்க்க வேண்டுமாம். மூன்று அடையாளத்தையும் உடம்பில் சுமந்துகொண்டு நம் கண்முன்னால் நடமாடினார். பீடிதான் கொன்றது என்று இருபது வருஷமாக அவர் பீடியைத் திட்டிக்கொண்டிருக்கிறோம். பீடியும் கூட நின்று தள்ளியிருக்கும், இல்லை என்று சொல்லவில்லை.

நோயின் பெயர் ஃபெமிலியல் ஹைப்பர்கொலஸ்ட்ரோலீமியா. நாக்கு சுளுக்கிக்கொள்ளும், பரம்பரைக் கொழுப்பு என்றே வைத்துக்கொள். ரத்தத்தில் போகிற எல்டிஎல்லைக் கல்லீரல்தான் கொக்கி போட்டு உள்ளே இழுக்கிறது. அந்தக் கொக்கி செய்வதற்கான மரபணு அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. இரண்டில் ஒன்று கெட்டிருந்தால் கொக்கி பாதிதான் தேறும், இழுக்க ஆளில்லாமல் கொழுப்பு ரத்தத்திலேயே சுற்றும். இதைக் கண்டுபிடித்த பிரவுன், கோல்ட்ஸ்டீன் என்ற இரண்டு பேருக்கு 1985-இல் நோபல் பரிசு. பிறந்த நாளிலிருந்து அப்படித்தான் சுற்றுகிறது, அதுதான் வம்பு. ஐம்பதில் கொழுப்பு ஏறுகிறவனுக்கும் இவனுக்கும் வித்தியாசம் அதுதான். 28 வயதுக்குள் 28 வருஷக் கொழுப்பைக் குழாயில் பூசிவிட்டான். அம்மாவின் அவித்த கீரை ஏன் ஏழு புள்ளிக்கு மேல் நகர்த்தவில்லை என்றும் அன்றைக்குத்தான் புரிந்தது. 250 பேருக்கு ஒருவருக்கு இருக்குமாம். நம்ம தெருவிலேயே இன்னொருவர் இருக்க வேண்டும்.

டாக்டர் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். நெதர்லாந்துக்காரர்கள் போட்ட மதிப்பெண் முறை. எல்டிஎல் 250-க்கும் 329-க்கும் நடுவில் என்பதற்கு 5, அப்பாவுக்குச் சின்ன வயதில் மாரடைப்பு என்பதற்கு 1, நாண் தடிப்புக்கு 6. மொத்தம் 12. எட்டைத் தாண்டினால் நிச்சயம் இதுதான். நம்ம வாத்துக்காலன் வாழ்க்கையில் பாஸ் மார்க்கைத் தாண்டினது இதில்தான். அதற்கு முன்னால் தைராய்டும், சிறுநீரில் புரதமும் பார்த்துவிட்டார், அந்தக் கோளாறுகளிலும் கொழுப்பு இப்படி ஏறுமாம்.

ரோசுவாஸ்டேட்டின் 20 மில்லிகிராம் ஆரம்பித்தார்கள். ஆறு வாரத்தில் 138. பாதிக்கு மேல் இறங்கிவிட்டது, இருந்தாலும் 70-க்குக் கீழே கொண்டுவரணும் என்று எஸெட்டிமைப் 10 சேர்த்தார். 106-க்கு வந்தது. அங்கேதான் ஐயா புத்தியைக் காட்டினார். ரிப்போர்ட்டில் சிவப்பு எழுத்து போய்விட்டதாம், அதனால் குணமாகிவிட்டதாம், இரண்டு மாதம் மாத்திரையை நிறுத்திவிட்டான். மறுபடி 280. கொக்கி என்ன புதிதாகவா முளைத்தது? மாத்திரை இருக்கிறவரைதான் இறக்கம். தொலைபேசியில் நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். இப்போது மாத்திரை விழுங்கிவிட்டு ராத்திரி எனக்குப் போட்டோ அனுப்புகிறான்.

அப்பாவிடமிருந்து வந்தது என்று தெரிந்ததும் எங்கள் எல்லாரையும் பார்க்கச் சொன்னார்கள். பெற்றவர், கூடப்பிறந்தவர், பிள்ளை, ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அம்மாவுக்கு 118. எனக்கு 236. நானும் மாத்திரை ஆரம்பித்துவிட்டேன். இரண்டாவது பிள்ளை யோசனை இருந்தால் முன்கூட்டியே சொல்லணும், நிறுத்திவிட்டுத்தான் என்றார்கள். அந்த யோசனை இப்போதைக்கு எண்ணெய்ச் சட்டியோடு பரணில்.

இப்போது வீட்டுச் சண்டைக் கதைக்கு வருகிறேன். அத்தை மகளைத் தம்பிக்குக் கட்டுவது என்று மூன்று வருஷமாகப் பேச்சு, உனக்குத் தெரியும். அத்தையையும் அவள் மகளையும் ரத்தம் பார்க்கச் சொல்லணும் என்றேன். ஏன் என்றால், அவளுக்கும் இதே கெட்ட மரபணு இருந்து இரண்டு பேரும் கட்டிக்கொண்டால், பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு, இரண்டு பக்கமும் கெட்டே வருவதற்கு. அப்படிப் பிறந்த பிள்ளைக்கு எல்டிஎல் 400, 500-க்கு மேல் போகும், பத்து வயதுக்கு முன்னாலேயே முட்டியில், முழங்கையில் மஞ்சள் கட்டி வரும், பள்ளிக்கூட வயதிலேயே மாரடைப்பு வரலாம். மாமன் அத்தை என்று கட்டிக்கொள்கிற நம்ம பக்கத்தில் இதைக் கேட்காமல் எப்படி இருக்க?

"எங்களுக்கு ஒரு நோவும் இல்ல, எனக்குப் போன மாசம் 150-தான்" என்றாள் அத்தை. எனக்கே சமாதானமாகிவிட்டது. திண்ணையில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தவள் காலை நீட்டினாள், குதிகாலைப் பார்த்தேன். அப்பாவின் கால் மாதிரியே இருந்தது. "அத்தே, ஏதும் மாத்திரை போடுறீயளா?" என்றேன். சர்க்கரைக்குப் போடும்போது கூடவே ஒன்று தருவார்கள் என்று டப்பாவை எடுத்து வந்தாள். அடோர்வாஸ்டேட்டின் 10. அந்த மாத்திரை கிட்டத்தட்ட 40 சதவீதம் குறைக்குமாம். மாத்திரை இல்லாமல் பார்த்தால் அவளுக்கு 240-க்குக் குறையாது. மாத்திரையோடு எடுத்த ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு ஒருத்தருக்கு இல்லை என்று சொல்லவே கூடாது, செல்வி. எத்தனை வீட்டில் இப்படி ஏமாந்திருப்பார்களோ.

மகளுக்கு எடுத்தோம். 98. அந்த வயதில் அவ்வளவுதான் என்றால் அநேகமாக அவளுக்கு வரவில்லை. நான் சந்தோஷத்தில் லட்டு வாங்கிக்கொண்டு போனேன். அத்தை லட்டை வாங்கி வைத்துவிட்டு, "எம்புள்ள சுத்தமா இருக்கா, நோய்க்காரனுக்கு எதுக்குக் குடுக்கணும்?" என்கிறாள்! அவளுடைய குதிகாலைக் காட்டிச் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். தம்பி மாத்திரையை ஒழுங்காகப் போட்டால் மற்றவனைப் போலத்தான் இருப்பான், பிள்ளைகளுக்குப் பாதிக்குப் பாதி, அதையும் சின்னதிலேயே பார்த்துவிடலாம். இதை அவளுக்கு யார் சொல்வது? நீ சொன்னால் கேட்பாள், உன் மேல்தான் அவளுக்கு என்றைக்கும் ஒரு இது. அதற்காகவும்தான் இந்தக் கடிதம், மறைக்கவில்லை.

மீதி ஒன்று இருக்கிறது. பாப்பாவுக்கும் எடுத்தோம். 184. நம்பாமல் ஒரு மாதம் கழித்து இன்னொரு லேபில் எடுத்தோம், 179. ஒன்பது வயதுக்குழந்தைக்கு, பெற்றவர்களில் ஒருவருக்கு இருக்கும்போது, 160-க்கு மேல் என்றால் இதுதான். அன்றைக்கு ராத்திரி நான் சாப்பிடவில்லை. தலைமுடியிலிருந்து கோபம் வரைக்கும் என்னைப் போலவே இருக்கிறாளே என்று பெருமைப்பட்டதெல்லாம் நெஞ்சில் குத்தியது. எட்டிலிருந்து பத்து வயதுக்குள் மாத்திரை ஆரம்பிக்கலாம் என்கிறார்கள். "இந்த வயசில் மாத்திரையா" என்று மாமியார் மாதிரி நானும்தான் கேட்டேன். டாக்டர் 2019-இல் வெளிவந்த ஒரு ஆய்வைச் சொன்னார், அதுவும் நெதர்லாந்துதான். சின்ன வயதிலேயே மாத்திரை ஆரம்பித்த 214 பேரை இருபது வருஷம் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். 39 வயதுக்குள் இதய நோய் வந்தது அவர்களில் 100-க்கு ஒருவருக்கு. அதே நோயோடு, அந்த வயதில் இந்த மாத்திரை கிடைக்காமல் வளர்ந்த அவர்களுடைய பெற்றோரில் 100-க்கு 26 பேருக்கு. அப்பா எந்தப் பக்கம் நின்றார் என்று எனக்குத் தெரியும்தானே. போன வாரம் 5 மில்லிகிராம் ஆரம்பித்துவிட்டோம். கல்லீரல் டெஸ்ட் எடுத்தாயிற்று, வளர்த்தியையும் எடையையும் குறித்துக்கொண்டே வரணும்.

அவள் அழவும் இல்லை, கேள்வியும் கேட்கவில்லை. தாத்தா, மாமா, அத்தைப் பாட்டி கதையெல்லாம் பக்கத்தில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை சத்துணவு வரிசையில் முன்னால் நின்ற பிள்ளைகளின் குதிகாலை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து, "உனக்கு இல்ல, நீ போலாம்" என்று அனுப்பியிருக்கிறாள். டீச்சர் வரச் சொல்லியிருக்கிறார். நாளைக்குக் காலையில் போகணும்.

உன்
கல்யாணி