ஏலத்தில் வாகனத்தை விற்றால் பதிவுப் புத்தகத்தையும் அன்றே கொடுங்கள்

மட்டக்களப்பில் வாகன ஏலம் நடத்தும் லீசிங் கம்பனிகளின் முகாமையாளர்களுக்கு,

வணக்கம். ஆரையம்பதியில் கராஜ் வைத்திருக்கிறேன். உங்கள் யார்டில் ஏலத்துக்கு நிற்கும் சீஸ் பண்ணின வாகனங்களை வாங்க நினைக்கும் பொடியன்கள் என்னையும் பார்க்கக் கூட்டிவருவார்கள். எஞ்சின், சேசிஸ், பெட்டி எல்லாவற்றையும் பார்த்துச் சொல்ல என்னால் முடியும். வாகனத்தின் பேப்பர்களை மட்டும் நீங்கள் காட்டினால்தான் பார்க்கலாம். அதைக் காட்டாமல் விற்பதால் எங்கள் பக்கத்துப் பொடியன் ஒருவன் நான்கு மாதமாகப் படும் பாட்டுக்காகவே இதை எழுதுகிறேன்.

களுவாஞ்சிக்குடியில் இருக்கிறான். ஆட்டோ ஓட்டிப் பிழைப்பவன். உங்களில் ஒரு கம்பனியின் ஏலத்தில் ஒரு ஆட்டோவை 7 இலட்சத்து 60 ஆயிரத்துக்கு எடுத்தான். அதே வருடத்து வண்டி வெளியே 9 இலட்சத்து 80 ஆயிரம் போகிறது. 2 இலட்சத்து 20 ஆயிரம் மிச்சம் என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோசம். 7 நாளுக்குள் மீதிக் காசைக் கட்டாவிட்டால் முற்பணம் திரும்பாது என்று விதிமுறைத் தாளில் போட்டிருந்தீர்கள். அதற்குப் பயந்து தாயின் நகையை அடகு வைத்து ஆறாம் நாளே கட்டிவிட்டான்.

வண்டியைக் கொடுத்தீர்கள், பற்றுச்சீட்டும் கொடுத்தீர்கள். புத்தகம் பிறகு வரும் என்றீர்கள். அது இன்னும் வரவில்லை.

ஏன் வரவில்லை என்று அலைந்து கேட்ட பிறகுதான் காரணம் தெரிந்தது. பதிவுப் புத்தகத்தில் இரண்டு பெயர் இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஒன்று லீசிங் எடுத்தவரின் பெயர், பதிவு உரிமையாளர் என்று. மற்றது காசு கொடுத்த கம்பனியின் பெயர், அப்சலூட் ஓனர் என்று. சீஸ் பண்ணின வண்டிக்குப் பழைய உரிமையாளர் வந்து கையெழுத்து வைக்கமாட்டார். அதனால் கம்பனிதான் வண்டியைக் கையகப்படுத்தியதற்கான கடிதத்தையும், தன் பெயரை நீக்கும் கடிதத்தையும், அதிகாரம் உள்ளவரின் கையெழுத்தும் முத்திரையும் உள்ள மாற்றப் படிவங்களையும் மூலப் புத்தகத்தோடு சேர்த்துத் தரவேண்டும். இந்த வண்டியின் புத்தகத்தில் இருப்பதோ உங்கள் பெயரல்ல, சில வருடங்களுக்கு முன் உங்களோடு இணைந்த பழைய கம்பனியின் பெயர். இப்போது அந்தப் பெயரில் யார் கையெழுத்து வைப்பது என்று கொழும்புத் தலைமை அலுவலகம் முடிவு செய்யவில்லையாம்.

இது ஏலத்துக்கு முன்பே உங்கள் கோப்பில் கிடந்த விசயம். மத்திய வங்கியின் ஒருங்கிணைப்புத் திட்டத்தில் நிதிக் கம்பனிகள் ஒன்றோடொன்று இணைந்தன, அதில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் புத்தகத்தின் ஒரு பிரதியை யார்டில் ஒட்டியிருந்தால் அந்தப் பெயர் வேறாக இருப்பதை நானே கண்டிருப்பேன். இதைச் சரிசெய்த பிறகு வருகிறோம் என்று அவனைத் திருப்பிக் கூட்டிப் போயிருப்பேன்.

புத்தகம் இல்லாமல் அவனுக்கு என்ன நடக்கிறது என்பதையும் கேளுங்கள். வண்டியின் லைசன் சீஸ் பண்ணுவதற்கு முன்பே முடிந்துவிட்டது. புதுப்பிக்கப் புகைச் சான்றிதழும் காப்புறுதியும் வேண்டும். முன்பின் தெரியாத ஒருவரின் பெயரில் நிற்கும் வண்டிக்குக் காப்புறுதி போட்டு, ஒரு விபத்து நடந்தால், நட்டஈடு கேட்க இவன் யார் என்ற கேள்வி வரும். பொலிஸ் மறித்தாலும் காட்டுவதற்கு உங்கள் பற்றுச்சீட்டு மட்டும்தான். வாகனம் கைமாறினால் 14 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்குக் கொடுக்கவேண்டும் என்பது சட்டம். அந்தச் சட்டத்தை அவன் மீறும்படி வைத்திருப்பது நீங்கள்.

அதனால் சொந்த ஆட்டோவை வளவுக்குள் தறப்பாள் போட்டு மூடிவைத்துவிட்டு, இன்னொருவரின் ஆட்டோவை நாளுக்கு 1,000 ரூபாய் வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறான். மாதத்தில் 25 நாள் ஓடினால் 25 ஆயிரம் வாடகை. நகை வட்டி 5 ஆயிரம் அளவில் வருகிறது. நான்கு மாதத்தில் 1 இலட்சத்து 20 ஆயிரம் போய்விட்டது. வண்டி என் கராஜுக்கு வந்தபோது பற்றரி, இரண்டு டயர், கிளட்ச் பிளேட், கார்பரேட்டர் வேலை எல்லாம் சேர்த்து 75 ஆயிரம் முடிந்தது. கூட்டிப் பாருங்கள். மிச்சம் என்று நினைத்த 2 இலட்சத்து 20 ஆயிரத்தில் நிற்பது 25 ஆயிரம். இன்னொரு மாதம் இழுத்தால் வெளியே வாங்கியதைவிடக் கூடிய விலைக்கு வாங்கியதாகிவிடும், கையில் புத்தகமும் இல்லாமல்.

திருத்த வேலைக்கான 75 ஆயிரத்தைப் பற்றி நான் முறையிடவில்லை. ஏல வண்டியென்றால் அது இருக்கத்தான் செய்யும். மாதக்கணக்கில் உப்புக் காற்றில் நின்ற வண்டியின் பற்றரி செத்திருக்கும், பெற்றோல் காய்ந்து கார்பரேட்டர் அடைத்திருக்கும், ஓட்டிப் பார்க்கவும் விடமாட்டீர்கள். புதிதாக வாங்க வருபவர்களிடம் மிச்சமென்று நினைக்கும் காசில் மூன்றில் ஒரு பங்கைத் திருத்த வேலைக்கென்று ஒதுக்கிவிட்டு விலை கேளுங்கள் என்றுதான் நான் எப்போதும் சொல்வேன். பழுதைக் கண்ணால் பார்த்து விலையைக் குறைத்துக் கேட்கலாம். உங்கள் அலுமாரிக்குள் இருக்கும் புத்தகத்தை எப்படிப் பார்ப்பது?

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த விதிமுறைத் தாள் முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. இருக்கும் இடத்தில் இருக்கும் நிலையில் விற்கிறோம், பிறகு வரும் எதற்கும் கம்பனி பொறுப்பல்ல என்று அதில் எழுதியிருந்ததை, அவன் கையெழுத்து வைத்த பிறகு நான்தான் வாசித்துச் சொன்னேன். தமிழ் அரசகரும மொழியாகி எத்தனை வருடம்? லீசிங் எடுக்கச் சொல்லி ஊர் ஊராக ஒட்டும் விளம்பரத்தைத் தமிழில் அடிக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு தாள் விதிமுறையைத் தமிழில் அடிக்க முடியாதா? வண்டியைப் பறிகொடுத்தவனும் எங்கள் ஊரவன், அதைக் கடன்பட்டு வாங்கியவனும் எங்கள் ஊரவன். இரண்டு பேரும் வாசிக்க முடியாத தாளில் கையெழுத்து வைத்தவர்கள்.

சரி, கோபத்தில் நீண்டுவிட்டது. கேட்க வந்ததைத் தாழ்மையாகக் கேட்கிறேன். ஏலத்துக்கு விடும் ஒவ்வொரு வாகனத்தின் பதிவுப் புத்தகப் பிரதியையும் பார்வை நாளில் வண்டியோடு வையுங்கள். எஞ்சின், சேசிஸ் இலக்கங்களை நாங்கள் அதோடு ஒத்துப் பார்க்கட்டும். லைசன் எந்த மாதத்தோடு முடிந்தது என்பதையும் எழுதிவையுங்கள். முழுக் காசையும் கட்டுகிற அன்றே மூலப் புத்தகத்தையும் கடிதங்களையும் படிவங்களையும் கையில் கொடுங்கள். கொடுக்க முடியாத வண்டி என்றால், பேப்பர் சரியாகும்வரை அதை ஏலத்துக்கு விடாதீர்கள். எங்களுக்கு 7 நாள் கெடு வைக்கும் நீங்கள் உங்களுக்கும் ஒரு கெடு வையுங்கள். அது தவறினால் வாங்கியவன் காசைத் திருப்பிக் கேட்கலாம் என்று அந்தத் தாளிலேயே தமிழில் எழுதுங்கள்.

களுவாஞ்சிக்குடிப் பொடியனின் கோப்பு இலக்கமும் பற்றுச்சீட்டுப் பிரதியும் சம்பந்தப்பட்ட கிளையில் ஏற்கெனவே இருக்கின்றன. இம்மாத முடிவுக்குள் அவனுக்குப் புத்தகம் கிடைக்காவிட்டால், மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு எழுத்தில் முறைப்பாடு போக இருக்கிறது. அதற்கு முன் நீங்களே முடித்துவைப்பீர்கள் என்று நம்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஆரையம்பதியிலிருந்து ஒரு கராஜ்காரன்