பொன்னியின் வழித்தடம்

அன்புள்ள ராஜி,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. மீனாவுக்குத் தேதி குறித்தாயிற்று என்று படித்ததும் உன்னை உடனே பார்க்க வேண்டும் போல இருந்தது. முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிடுவேன். ஆனால் கடைசிப் பக்கத்தில், உங்கள் பூனை சீனுவுக்குக் கண் தெரியவில்லை என்றும், அடுத்த மாதம் வீடு முழுக்க வெள்ளையடிக்கப் போகிறோம் என்றும் எழுதியிருந்தாயே, அதைப் படித்ததிலிருந்து மனசு அங்கேயே இருக்கிறது.

முதலில் ஒன்று கேட்கிறேன். சீனுவுக்கு டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்தாரா? எங்கள் பூனை பொன்னிக்குப் பதின்மூன்று வயதில்தான் பார்வை போனது. நல்ல வெயிலிலும் கண்மணி சுருங்காமல் முழுக்கக் கறுப்பாக விரிந்தே இருந்தது. டாக்டர் முன்னங்காலில் சின்னப் பட்டை கட்டிப் பார்த்தபோது அழுத்தம் 210. அதில் விழித்திரையே கழன்றுவிட்டது. மூலகாரணம் சிறுநீரகம் என்றார். வயதான பூனைக்குத் திடீரென்று பார்வை போனால் பெரும்பாலும் இதுதானாம். சில நாளுக்குள் மாத்திரை தொடங்கினால் கொஞ்சம் பார்வை திரும்புவதும் உண்டு. நாங்கள் கவனித்தபோது நாளாகிவிட்டது. நீ தள்ளிப்போடாதே.

இனி வெள்ளையடிப்பு. போன போகிக்கு நாங்களும் அதைத்தான் செய்தோம். அதற்கு முன்பு பொன்னி நடப்பதைப் பார்த்தால் கண் தெரியாது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கட்டிலடியிலிருந்து புறப்பட்டு, பீரோவின் பக்கவாட்டில் கன்னத்தை உரசிக்கொண்டே வந்து, சாய்வு நாற்காலியின் காலைத் தொட்டதும் இடப்பக்கம் திரும்புவாள். நாலு அடி நடந்தால் சாக்கு விரிப்பு காலில் படும். அங்கே சோற்றுக் கிண்ணம். ஒவ்வொரு சாமானும் அவளுக்கு ஒரு மைல்கல்.

போகிக்கு முதல் நாள் பீரோவை எதிர்ச் சுவருக்கு நகர்த்தினோம், நாற்காலியை மாடியில் போட்டோம். பொன்னி வழக்கம்போல வேகமாக வந்து, இல்லாத பீரோவைத் தேடி வெறும் இடத்தில் நின்றாள். பிறகு பெயிண்ட் வாளியில் மூக்கை மோதிக்கொண்டாள். அன்று மாலையிலிருந்து வயிறு தரையில் படுமளவு குனிந்து, கழுத்தை நீட்டி, மீசையை முன்னால் விரித்து ஒவ்வோர் அடியாக வைத்தாள். நடுக்கூடத்தில் உட்கார்ந்து உரக்கக் கத்தினாள். கிண்ணம் மூன்றடி தள்ளி இருந்தது, அவளுக்கு அது எட்டவில்லை. மணல் தொட்டி இருந்த பழைய மூலைக்கே போய்த் தரையில் சிறுநீர் கழித்தாள். திட்டுவதற்கில்லை, ராஜி. அவள் சரியான இடத்துக்குத்தான் போயிருக்கிறாள். தொட்டியை எடுத்தது நாங்கள்.

இரண்டாம் நாளும் சாப்பிடவில்லை என்றதும் டாக்டருக்குப் போன் செய்தேன். பூனை இப்படிச் சில நாள் பட்டினி கிடந்தாலே ஈரலில் கொழுப்பு ஏறிவிடுமாம், அதுவும் உடம்பு கனத்த பூனைக்கு ஆபத்து அதிகம் என்றார். அன்றே சாமான்களைப் பழைய இடத்தில் வைத்தோம். அப்படியும் அவள் பீரோவை முகர்ந்து முகர்ந்து தயங்கினாள். சுத்தம் செய்கிறோம் என்று பினாயில் போட்டுத் துடைத்திருந்தோம்; அவள் கன்னத்தால் தேய்த்து வைத்த வாசனையெல்லாம் போயிருந்தது. பினாயில் பூனை உடம்புக்கே ஆகாது, அதை இப்போது வீட்டில் வைப்பதில்லை. பழைய நடை திரும்ப ஒரு வாரமாயிற்று.

அதனால் சீனுவுக்கு இப்படிச் செய். வெள்ளையடிக்காத அறை ஒன்றை, முடிந்தால் உன் படுக்கையறையை, அவனுக்கு விட்டுவிடு. வேலை தொடங்குவதற்குப் பத்து நாள் முன்பே அவன் படுக்கை, கிண்ணம், தண்ணீர், மணல் தொட்டி எல்லாவற்றையும் அங்கே கொண்டுபோய் வை. தொட்டி சோற்றுக்கு எதிர் மூலையில் இருக்கட்டும். முதல் தடவை தூக்கிப் போய்த் தொட்டிக்குள்ளேயே இறக்கிவிடு. அங்கிருந்து அவனே அறையை அளந்துகொள்வான். கிண்ணத்தின் அடியில் சாக்கு, தொட்டி முன்னால் தேங்காய் நார் மிதியடி போட்டால், காலே சொல்லிவிடும். பிறகு எப்போதாவது கிண்ணத்தை மாற்ற வேண்டியிருந்தால், நாளுக்கு ஒரு சாண் நகர்த்து.

கல்யாண வீட்டில் குழந்தைகள் பூனையைத் தூக்குவார்கள். தூக்கினால் வேறெங்கும் விடாமல் கிண்ணத்தின் பக்கத்திலேயே விடச் சொல். தொடுவதற்கு முன் பெயரைச் சொல்லிக் கூப்பிடவும் சொல். மாடிப்படிக்குக் குறுக்கே பலகை வைத்துவிடு.

பொன்னி இப்போது என் காலடியில்தான் படுத்திருக்கிறாள். இந்த மேசையும் நாற்காலியும் ஒரு வருஷமாக அசையவில்லை. டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்கு உடனே எழுது. மீனாவுக்கு என் ஆசிகள்.

அன்புடன்,
கமலா